83 மடல்களும் ஒரு பக்கமும்
நீண்ட மின்னஞ்சல் தொடரைப் புதியவருக்குச் சுருக்கித் தரும் முறை

மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி முதல் நாள் காலையில் தம் மேசை முன் அமர்கிறார். அவருக்கு முன்பிருந்தவர், "மழைமானி விஷயம்" என்னும் தலைப்பிட்ட மின்னஞ்சல் தொடரை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டு, "விவரம் யாவும் இதில் உள்ளது" என்று ஒரு வரி எழுதிச் சென்றிருக்கிறார். தொடரில் 83 மடல்கள் இருக்கின்றன. எழுதியவர்கள் ஒன்பது பேர். ஜூலை மாத மழை அறிக்கையை ஆகஸ்டு 10-ஆம் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும். அன்றோ ஆகஸ்டு 5.

விவரம் யாவும் அதில் இருப்பது மெய்யே. ஆயினும், எது முடிவானது, எது முடிவாகாதது என்பது அதில் எங்கும் ஒரே இடத்தில் இல்லை. முதலிலிருந்து படிப்பவர் இரண்டு மணி நேரம் கழித்து, கைவிடப்பட்ட யோசனையொன்றை முடிவென்று எண்ணக்கூடும். கடைசியிலிருந்து படிப்பவர், பேச்சு முழுவதும் ஒரு வேப்பமரக் கிளையைப் பற்றியதே என்று எண்ணக்கூடும். இவ்விரு பிழைகளும் நேராவண்ணம் அத்தொடரை ஒரு பக்கத்தில் சுருக்கித் தருவது எவ்வாறு என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே விளக்கலாம். நிகழ்ச்சி விளக்கத்திற்காகப் புனைந்து கொள்ளப்பட்டது. ஆனால், இதில் வரும் சிக்கல்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் காணப்படுபவை.

தொடரின் வரலாறு

ஒரு பள்ளி வளாகத்தில் இரண்டு மழைமானிகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று சாதாரண மழைமானி. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு ஆசிரியர் ஒருவர் அதில் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றி அளக்கிறார். முந்திய 24 மணி நேரத்தில் பெய்த மழை, அளந்த நாளின் தேதியிலேயே பதியப்படுகிறது. மற்றது தானே பதியும் மழைமானி. அதனுள் இருக்கும் சிறு வாளி 0.5 மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் நிறைந்ததும் சாய்ந்து கொட்டும். ஒவ்வொரு சாய்வும் ஓர் எண்ணிக்கையாகப் பதிவாகும்.

ஜூன் 11-ஆம் தேதி காலையில் சாதாரண மழைமானி 64.2 மில்லிமீட்டரும், தானே பதியும் கருவி 55.5 மில்லிமீட்டரும் காட்டின. மறுநாள் ஆசிரியர் இதைத் தெரிவித்து எழுதியது முதல் மடல். அதன்பின் பலரும் காரணம் தேடினர். 14-ஆம் மடலில், தானே பதியும் கருவியின் புனலில் இலைகள் அடைத்திருந்ததாகக் களப் பணியாளர் எழுதினார். இலைகளை நீக்கிய பின்னர், சிறு மழை பெய்த நாட்களில் இரு கருவிகளும் ஒத்தன. பெருமழை நாட்களில் மட்டும் வேறுபாடு நீடித்தது. பெருமழையில் வாளி சாயும் அந்தச் சிறு பொழுதிலும் நீர் விழுந்துகொண்டே இருப்பதால், அந்நீர் கணக்கில் வராது போகிறது என்பதை 22-ஆம் மடல் விளக்கியது.

ஜூலை 3-ஆம் தேதி எழுதப்பட்ட 31-ஆம் மடல், தானே பதியும் கருவியின் அளவை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கித் திருத்தலாம் என்று கூறி, நீண்ட அட்டவணை ஒன்றையும் இணைத்திருந்தது. மழையின் வேகத்திற்கு ஏற்ப இழப்பு மாறுவதால் ஒரே எண் எல்லா நாட்களுக்கும் பொருந்தாது என்று 36-ஆம் மடல் மறுத்தது. ஜூலை 9-ஆம் தேதி மேலதிகாரி எழுதிய 41-ஆம் மடலில் முடிவு வந்தது: மாத அறிக்கைக்குச் சாதாரண மழைமானியின் அளவே கொள்ளப்பட வேண்டும், தானே பதியும் கருவி, மழை எப்பொழுது, எவ்வளவு வேகமாகப் பெய்தது என்பதை அறிவதற்கு மட்டும் பயன்பட வேண்டும்.

பேச்சு இங்கே முடிந்திருக்கலாம், ஆனால் முடியவில்லை. இதன் பின்னரும் 42 மடல்கள் வந்தன.

முதற்படி: தொடர் முழுமையானதா?

சுருக்கம் எழுதத் தொடங்கும் முன்னர், கையில் இருப்பது முழுத் தொடர்தானா என்று பார்த்தல் வேண்டும். மின்னஞ்சல் தொடர் ஒரு நேர்கோடு அன்று. கிளைவிடும் மரம் போன்றது. ஒருவர் "அனைவருக்கும் பதில்" என்பதற்கு மாறாகப் "பதில்" என்பதை மட்டும் அழுத்தினால், அந்தக் கிளை மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. தலைப்பை மாற்றினால் அது தனித் தொடராகி விடும். ஜிமெயிலில் ஒரு தொடர் 100 மடல்களைக் கடந்தால், அடுத்து வருவது புதிய தொடராகக் காட்டப்படும்.

மறைந்த கிளையைக் கண்டுபிடிக்க எளிய வழி, மடல்களின் கீழே மேற்கோளாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய மடல்களை ஒருமுறை பார்ப்பதாகும். தொடரில் தனியாக இல்லாத ஒரு மடல், மேற்கோளில் மட்டும் இருந்தால், அங்கே ஒரு கிளை ஒடிந்திருக்கிறது என்று அறியலாம்.

இந்நிகழ்ச்சியில் அவ்வாறே இருந்தது. ஜூலை 18-ஆம் தேதி 57-ஆம் மடலில் ஆசிரியர் ஒரு நியாயமான ஐயத்தை எழுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் அளப்பவர் இல்லை. திங்கட்கிழமை குவளையில் அளப்பது இரண்டு நாள் மழையின் கூட்டுத்தொகை. அதை எவ்வாறு பதிவது? தானே பதியும் கருவி காட்டும் விகிதப்படி பிரிக்கலாமா? இதற்கு மேலதிகாரி "சரி, அவ்வாறே செய்க" என்று எழுதிய பதில், ஆசிரியருக்கும் களப் பணியாளருக்கும் மட்டுமே சென்றது. 83 மடல்களில் அது இல்லை. 66-ஆம் மடலின் அடியில், மேற்கோள் குறிகளுக்கு இடையே மட்டும் அது கிடந்தது. மற்ற ஆறு பேரும் அதை அறியார்.

இரண்டாம் படி: யாருக்கு யார் பதில் எழுதினார்?

திரையில் மடல்கள் கால வரிசையில் அடுக்கப்படுகின்றன. ஆகவே, ஒரு மடலின் கீழே நிற்பது அதற்கே எழுதிய பதில் என்று கண் தானாகக் கொண்டுவிடும். இது பெரும் பிழைக்கு இடம் தரும். 44-ஆம் மடலில் புள்ளிவிவர உதவியாளர், "ஆம், இதுவே நல்லது" என்று ஒரே வரி எழுதியிருந்தார். அது முடிவுக்கு அடுத்தாற்போல் நின்றதால், அவரும் முடிவை ஏற்றுக்கொண்டார் என்றே எவரும் எண்ணுவர். உண்மையில் அவர் பதில் எழுதியது 31-ஆம் மடலுக்கு. அதாவது, பெருக்கித் திருத்தும் யோசனைக்கு.

ஐயம் உள்ள இடத்தில் மடலின் தலைக்குறிப்பைப் பார்த்தால் உண்மை விளங்கும். ஜிமெயிலில் Show original என்பதைத் திறந்தால், ஒவ்வொரு மடலுக்கும் உரிய தனி அடையாளம் Message-ID என்னும் வரியிலும், அம்மடல் எதற்குப் பதிலாக எழுதப்பட்டதோ அதன் அடையாளம் In-Reply-To என்னும் வரியிலும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் போதும். 83 மடல்களுக்கும் இதைச் செய்யத் தேவையில்லை. "சரி", "ஆம்", "அப்படியே" என்னும் ஒருவரி மடல்களுக்கு மட்டும் செய்தால் போதுமானது. பொருளைத் தன்னுள் கொள்ளாத மடல்களே இடம் மாறிப் பொருள் தருபவை.

இச்சிறு ஆராய்ச்சியால் மற்றொன்றும் விளங்கியது. அவ்வுதவியாளர் முடிவைக் கவனியாமலே தம் அட்டவணையைத் தொடர்ந்து திருத்தி வந்திருக்கிறார். ஆகஸ்டு 4-ஆம் தேதி வந்த 83-ஆம் மடலில், பெருக்கித் திருத்திய ஜூலை மாத அளவுகள் அடங்கிய மூன்றாம் திருத்த அட்டவணை இணைப்பாக இருந்தது. புதிய அதிகாரி கண்ணில் முதலில் படுவது இதுவே. அதையே அறிக்கையாக அனுப்பிவிட்டால், கைவிடப்பட்ட முறையின்படி அமைந்த எண்கள் அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிடும்.

மூன்றாம் படி: வினைச்சொல்லை எடைபோடுதல்

இனி, எஞ்சிய மடல்களைப் படித்து, ஒவ்வொன்றையும் நான்கு வகையில் ஒன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும்: முடிவு, யோசனை, வினா, செய்தி. நன்றி கூறும் மடல்களையும், வந்ததையே திரும்ப அனுப்பிய மடல்களையும் தள்ளினால் தொடர் மிகவும் சுருங்கிவிடும். இந்நிகழ்ச்சியில் 83 மடல்களுள் 21 மட்டுமே எஞ்சின. ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, எழுதியவர், வகை ஆகியவற்றை ஒரு தாளில் ஒரு வரியாக எழுதிக்கொண்டால் பின்னர் எழுதும் வேலை எளிதாகும்.

வகை பிரிப்பதில் தமிழ் வினைச்சொற்கள் சற்று ஏமாற்றுபவை. "செய்க" என்பது கட்டளை. "செய்யலாம்" என்பது அதிகாரமுள்ளவர் எழுதினால் அனுமதி. உடன் பணிபுரிபவர் எழுதினால் யோசனை. "செய்யலாமே" என்பது யாவர் எழுதினும் யோசனைதான். "பார்க்கலாம்" என்பது பெரும்பாலும் மறுப்பைப் பணிவாகச் சொல்லும் வழி. "பார்க்கிறேன்" என்பதோ பொறுப்பை ஏற்றதுபோல் ஒலிக்குமேயன்றி, எதைச் செய்வார், என்றைக்குள் செய்வார் என்பவற்றைச் சொல்லாது. ஆகையால் சொல்லை மட்டும் நோக்காமல், சொன்னவருக்கு அதை முடிவு செய்யும் அதிகாரம் உண்டா என்பதையும் நோக்க வேண்டும்.

தானே பதியும் கருவியைச் சரிபார்க்கும் வேலை இதற்கு நல்ல சான்று. வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் உள்ள கருவியில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 20 மில்லிலிட்டர் நீருக்குச் சமம்; ஆகவே, 0.5 மில்லிமீட்டருக்கு ஒருமுறை சாயும் வாளி 10 மில்லிலிட்டருக்கு ஒருமுறை சாய வேண்டும். அளந்த நீரை மெல்ல ஊற்றிச் சாய்வுகளை எண்ணினால் கருவி சரியா என்பது தெரிந்துவிடும். இவ்வேலையைப் பற்றி உதவிப் பொறியாளர் 49-ஆம் மடலில் "பார்க்கிறேன்" என்று எழுதினார். அதன்பின் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இதை "உதவிப் பொறியாளர் சரிபார்ப்பார்" என்று சுருக்கத்தில் எழுதுவது பிழை. "பொறுப்பாளரும் தேதியும் உறுதியாகவில்லை" என்று எழுதுவதே மெய்.

மௌனமும் இவ்வாறே. "சம்மதம் என்று கொள்கிறேன்" என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் வாளாவிருந்தால், அது முடிவு ஆகாது. அது முடிவாகாத விஷயங்களின் பட்டியலில்தான் சேர வேண்டும்.

நான்காம் படி: எழுதும் வரிசை

நிகழ்ச்சிகளைக் கண்டறிந்த வரிசை வேறு. புதியவருக்குச் சொல்லும் வரிசை வேறு. கண்டறியும்போது காரணம் முன்னும் முடிவு பின்னும் வருகின்றன. சொல்லும்போது முடிவு முதலில் வர வேண்டும், அதையடுத்து முடிவாகாதவை, அதன்பின் காரணம், அதன்பின் மறுக்கப்பட்ட யோசனைகள். புதியவர் முதல் ஐந்து வரிகளோடு நிறுத்திவிட்டாலும் தவறு செய்யாதவாறு சுருக்கம் அமைதல் வேண்டும்.

மறுக்கப்பட்ட யோசனைகளைச் சேர்ப்பது வீண் என்று தோன்றலாம். ஆனால், புதிதாக வருபவர் அறிவுடையவராயின், முதலில் அவருக்குத் தோன்றுவது அதே யோசனையாகவே இருக்கும். அது முன்பே ஆராயப்பட்டு, இன்ன காரணத்தால் விடப்பட்டது என்பதை இரண்டு வரிகளில் சொன்னால், மூடிய பேச்சு மீண்டும் திறக்கப்படாது.

மேற்கூறிய தொடருக்கு எழுதப்பட்ட சுருக்கம் பின்வருமாறு:

மழைமானி விஷயம்: ஆகஸ்டு 5 காலை வரையுள்ள நிலை

முடிவானவை
1. மாத அறிக்கையில் சாதாரண மழைமானியின் அளவையே பதிய வேண்டும். (மேலதிகாரி, ஜூலை 9, மடல் 41)
2. ஞாயிற்றுக்கிழமை அளக்காதபோது, திங்கட்கிழமை அளந்த மொத்தத்தைத் தானே பதியும் கருவி காட்டும் விகிதப்படி இரு நாட்களுக்கும் பிரிக்க வேண்டும். (மேலதிகாரியின் பதில், மடல் 66-இன் மேற்கோளில். இது அனைவருக்கும் அனுப்பப்படவில்லை. ஆகஸ்டு 5-இல் மேலதிகாரியிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது.)

உடனே செய்ய வேண்டியது
ஜூலை அறிக்கை ஆகஸ்டு 10-க்குள் செல்ல வேண்டும். மடல் 83-இல் உள்ள அட்டவணையைப் பயன்படுத்தலாகாது. அது முடிவு 1-க்கு மாறானது. ஆசிரியரின் பதிவேட்டிலிருந்து எண்களைப் பெறுக.

முடிவாகாதவை
1. ஜூன் அறிக்கையில் சில நாட்களுக்குத் தானே பதியும் கருவியின் அளவு சென்றுவிட்டது. திருத்தி அனுப்புவதா? (மடல் 62-இல் களப் பணியாளர் கேட்டது, பதில் இல்லை. முடிவு செய்ய வேண்டியவர் மேலதிகாரி.)
2. கருவியைச் சரிபார்ப்பவர் யார், எப்பொழுது? (மடல் 49; பொறுப்பாளரும் தேதியும் உறுதியாகவில்லை.)
3. மழைமானிக்கு அருகிலுள்ள வேப்பங்கிளையை வெட்டத் தலைமையாசிரியரின் அனுமதி. (மடல் 70-இல் கேட்கப்பட்டது, பதில் வரவில்லை.)

காரணம்
பெருமழையில் வாளி சாயும்போது விழும் நீர் கணக்கில் வருவதில்லை. ஜூன் 11 அன்று 64.2-க்கு 55.5 மட்டுமே பதிவாயிற்று. (மடல்கள் 1, 22)

மறுக்கப்பட்ட யோசனை
ஒரே எண்ணால் பெருக்கித் திருத்துதல். மழையின் வேகத்திற்கேற்ப இழப்பு மாறுவதால் விடப்பட்டது. (மடல்கள் 31, 36)

இச்சுருக்கத்தில் கவனிக்கத்தக்கவை சில. ஒவ்வொரு வரிக்கும் மடல் எண் இருக்கிறது. ஆகவே, ஐயம் கொள்பவர் 83-ஐயும் புரட்ட வேண்டியதில்லை. "நாளை", "அடுத்த வாரம்" என்று மடல்களில் இருந்தவை யாவும் தேதிகளாக மாற்றப்பட்டுள்ளன. தலைப்பிலேயே, எந்த நாள் வரையுள்ள நிலை என்பது சொல்லப்பட்டிருக்கிறது. மறுநாள் ஒரு மடல் வந்தால் சுருக்கம் பழையதாகிவிடும் அன்றோ? முடிவாகாத ஒவ்வொன்றும், யார் பதில் சொன்னால் அது முடியும் என்று தெரியுமாறு எழுதப்பட்டுள்ளது. வேப்பங்கிளையைப் பற்றிப் பல மடல்கள் இருந்தும் அதற்கு ஒரு வரியே கிடைத்தது. மடல்களின் எண்ணிக்கை விஷயத்தின் எடையைக் காட்டுவதில்லை.

ஐந்தாம் படி: சரிபார்த்தல்

எழுதி முடித்த சுருக்கத்தை, முடிவு செய்தவரிடம் முதலில் காட்ட வேண்டும். அவரிடம் "சுருக்கம் சரியா?" என்று பொதுவாகக் கேட்டால், "சரி" என்ற பதிலே வரும். "ஞாயிற்றுக்கிழமை மழையைப் பிரிக்கலாம் என்று தாங்கள் எழுதியதை எல்லா நிலையங்களுக்கும் உரிய முடிவாகக் கொள்ளலாமா?" என்று குறிப்பாகக் கேட்டால்தான் பயனுண்டு. மேற்கோளில் மட்டும் கண்ட ஒன்றை உறுதி செய்யாமல் முடிவென்று எழுதுதல் ஒருபோதும் கூடாது.

பின்னர், தொடரைப் படியாத ஒருவரிடம் சுருக்கத்தைக் கொடுத்து ஒரு கணக்கைப் போடச் சொல்லலாம். திங்கட்கிழமை குவளையில் 30.6 மில்லிமீட்டர் இருக்கிறது. தானே பதியும் கருவி முதல் நாளுக்கு 18.0, இரண்டாம் நாளுக்கு 9.0 காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு 20.4, திங்கட்கிழமைக்கு 10.2 என்று அவர் பிரித்துச் சொன்னால் சுருக்கம் தெளிவாக உள்ளது. 18.0, 9.0 என்னும் எண்களையே அவர் எழுத முற்பட்டால், இரண்டாம் முடிவின் வாசகத்தைத் திருத்த வேண்டும்.

சுருக்கத்தின் எல்லை

சுருக்கம் மூலத்துக்கு மாற்று அன்று. மூல மடல்கள் அழியாமல் இருத்தல் வேண்டும். முடிவுகளின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் எழுத வேண்டும். ஒரு தொடரில் சிலருக்கு மட்டும் எழுதப்பட்ட சொற்கள் இருக்கலாம். ஒருவரது கவனக்குறைவைப் பற்றிய பேச்சும் இருக்கலாம். புதியவரின் வேலைக்குத் தேவைப்படாத இவற்றைச் சுருக்கத்தில் சேர்க்கலாகாது. புள்ளிவிவர உதவியாளர் முடிவைக் கவனிக்கவில்லை என்று சுருக்கம் எங்கும் கூறவில்லை. அட்டவணை முடிவுக்கு மாறானது என்று மட்டுமே கூறுகிறது. அவருக்குத் தனியாக 41-ஆம் மடலை அனுப்பி வைப்பதே தக்கது.

இம்முறை முற்றிலும் புதியதும் அன்று. காகிதக் கோப்புகளின் காலத்திலேயே, ஒரு விஷயத்தின் நிலையைச் சுருக்கி எழுதி, புதிய நிகழ்ச்சிகள் நேரும்போதெல்லாம் அதைப் புதுப்பித்து வரும் வழக்கத்தை மத்தியச் செயலகத்தின் அலுவலக நடைமுறைக் கையேடு வகுத்திருக்கிறது. கோப்பில் குறிப்புகள் ஒருபுறமும் கடிதங்கள் ஒருபுறமுமாகப் பிரித்து வைக்கப்பட்டதால், முடிவைக் குறிப்புப் பகுதியில் தேடலாம் என்பது எல்லார்க்கும் தெரிந்திருந்தது. மின்னஞ்சலில் அப்பிரிவு இல்லை. "செய்க" என்பதும் "நன்றி" என்பதும் ஒரே வரிசையில், ஒரே அளவில் நிற்கின்றன. அவற்றைப் பிரித்து வைக்கும் வேலை, படிப்பவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

தொடர் இன்னும் நடந்துகொண்டிருக்குமானால், சுருக்கத்தை அத்தொடரிலேயே அனைவருக்கும் அனுப்பி, அடுத்த முடிவு வந்தவுடன் தேதியை மாற்றித் திரும்ப அனுப்பலாம். அப்பொழுது ஞாயிற்றுக்கிழமை மழையைப் பற்றிய முடிவை ஒன்பது பேரும் அறிவர். நான்காம் திருத்த அட்டவணை ஒன்று தயாரிக்கப்பட வேண்டிய அவசியமும் நேராது.